தொலைந்த கைபேசியும் வலிப்பு நாட்குறிப்பும்

வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம் நரம்பியல் மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, அதற்கு முன் தூக்கம் கெட்டதா, மாத்திரை தவறியதா? நோயாளிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வலிப்பு வந்த நேரத்தில் அவருக்குப் பெரும்பாலும் நினைவு இருப்பதில்லை. அம்மாவோ கணவரோ அறைத்தோழியோ பார்த்துச் சொன்னதை எழுதி வைத்தால்தான் உண்டு. மருந்தின் அளவைக் கூட்டுவதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அந்தக் குறிப்பை வைத்தே மருத்துவர் முடிவு செய்கிறார். முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். இப்போது கைபேசியில் ஒரு செயலியில் எழுதுகிறார்கள். முடிந்தால் வீடியோவும் எடுத்து வரச் சொல்கிறார்கள். வந்தது வலிப்பா, வெறும் மயக்கமா, எந்தக் கை முதலில் இழுத்தது என்பதையெல்லாம் அரை நிமிட வீடியோ சொல்லிவிடும்.

இதே குறிப்பு பிறர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது; 1999-இல்தான் அதை நீக்கினார்கள். சட்டத்திலிருந்து போனது பெண் பார்க்க வருபவர்களின் விசாரணையிலிருந்து போய்விடவில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கான முதல் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது.

ஆக, இந்தக் கைபேசி தொலைந்தால் இழப்பு இரண்டு. யாரோ படித்துவிடலாம் என்பது ஒன்று. உரியவருக்கு இரண்டு ஆண்டுக் குறிப்பு இல்லாமல் போகும் என்பது மற்றொன்று. மறைகுறியாக்கம் பற்றிய பேச்செல்லாம் முதல் இழப்பைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் முதல் இழப்பைத் தடுக்கும் அதே ஏற்பாடுதான் இரண்டாம் இழப்பை உண்டாக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், போன் தொலைந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று தெளிவாகத் தெரியும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் வரும் ஒரு பெண் எழும்பூரில் இறங்கும்போது போனை இருக்கையிலேயே விட்டுவிடுகிறார். நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன், நான்கு இலக்கப் பின் எண், உள்ளே வலிப்பு நாட்குறிப்புச் செயலி. காலையில் ஒருமுறை திறந்து மணி பார்த்திருக்கிறார். இப்போது திரை பூட்டியிருக்கிறது. அடுத்து உட்கார வருபவர் அதை எடுக்கிறார்.

பின் எண் சாவி அல்ல

பூட்டிய போனைக் கணினியில் இணைத்தால் உள்ளிருப்பதைப் படித்துவிடலாம் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அது பெரும்பாலும் உண்மை. இன்று அப்படியல்ல. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், அந்தப் பதிப்போடு விற்பனைக்கு வரும் எல்லாப் போன்களிலும் கோப்புகள் தனித்தனியாக மறைகுறியாக்கப்பட்டே எழுதப்பட வேண்டும் என்பது கட்டாயம். பயனர் எதையும் இயக்கத் தேவையில்லை. நினைவகச் சில்லைக் கழற்றி வேறொரு கருவியில் வைத்துப் படித்தாலும் அர்த்தமற்ற எண்கள்தான் கிடைக்கும்.

நியாயமான ஒரு சந்தேகம் எழும். நான்கு இலக்கப் பின் என்றால் மொத்தம் 10,000 சாத்தியங்கள்தானே, கணினிக்கு அது ஒரு நொடி வேலை இல்லையா? பின் எண்ணே சாவியாக இருந்தால் ஒரு நொடிகூட ஆகாது. உண்மையில் கோப்புகளைப் பூட்டும் சாவி 256 பிட் நீளமுள்ள தற்செயல் எண். அதைத் திறக்க இரண்டு பொருள் வேண்டும்: பின் எண்ணும், போனின் சில்லுக்குள் புதைந்திருக்கும் ஒரு ரகசியமும். அந்த ரகசியத்தை மென்பொருளால் வெளியே படிக்க முடியாது; சில்லிடம் ஒரு கணக்கைக் கொடுத்து விடையை வாங்க மட்டுமே முடியும். ஆகவே ஊகித்துப் பார்ப்பதென்றால் அந்தப் போனில்தான், அந்தச் சில்லின் வேகத்தில்தான் செய்தாக வேண்டும். ஆயிரம் கணினிகளை அடுக்கி வைத்தும் பயனில்லை.

ஐபோனில் இந்த வேகத்தை ஆப்பிள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஒரு முயற்சிக்கு ஏறக்குறைய 80 மில்லி விநாடி ஆகுமாறு கணக்கை வேண்டுமென்றே கனமாக்கியிருக்கிறார்கள். அப்படியானால் நான்கு இலக்க எண்கள் முழுவதையும் முயல 800 விநாடி, அதாவது பதின்மூன்று நிமிடம் போதும். ஆறு இலக்கத்துக்கு 22 மணி நேரம். சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு குறிகள் என்றால் ஐந்தரை ஆண்டு. முதல் இரண்டும் பாதுகாப்பு என்று சொல்லத் தகுந்தவை அல்ல. அங்கே காப்பது இன்னொரு ஏற்பாடு. தவறான முயற்சிகளை எண்ணி, ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பைக் கூட்டும் எண்ணி ஒன்று இருக்கிறது. முதல் சில தவறுகளுக்குப் பிறகு ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பதினைந்து, ஒரு மணி நேரம் என்று அது நீளும்.

அந்த எண்ணி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச்சூட்டு வழக்கில் எஃப்.பி.ஐ.யும் ஆப்பிளும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டது ஒரு ஐபோன் 5சி-க்காக. அந்த மாதிரியில் தனிப் பாதுகாப்புச் செயலி கிடையாது; தவறுகளின் எண்ணிக்கை சாதாரண நினைவகச் சில்லில் பதிவாகும். அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் செர்கெய் ஸ்கோரோபோகாடோவ் அந்த நினைவகச் சில்லைக் கழற்றி, நகல் எடுத்து, சில முயற்சிகளுக்கு ஒருமுறை பழைய நகலைத் திரும்ப வைத்துக் காட்டினார். போன் தன் தவறுகளை மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து முயலலாம். நான்கு இலக்கப் பின்னை உடைக்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும் என்று அவர் கணக்கிட்டார். மறைகுறியாக்கத்தில் ஒரு குறையும் இல்லை. எண்ணியைத் திருப்பி வைக்க முடிந்தது, அவ்வளவே. அதன் பிறகு வந்த நல்ல போன்களில் எண்ணி தனிப் பாதுகாப்புச் சில்லுக்குள் போய்விட்டது.

நம் உதாரணத்தில் போனை எடுத்தவர் சில்லைக் கழற்றப் போவதில்லை. 1234, 0000, போன் உறையில் ஒட்டியிருக்கும் ஏதாவது ஒரு பிறந்த ஆண்டு ஆகியவற்றை முயல்வார். அவற்றில் ஒன்று பின்னாக இருந்தால் மேலே சொன்ன பொறியியல் முழுவதும் வீண். எடுத்தவர் அந்நியராக இல்லாமல், எதிர் இருக்கையில் அமர்ந்து பின் போடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தவராக இருந்தாலும் அதே கதை. 2023-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், மதுக்கூடங்களில் பாஸ்கோடைப் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு ஐபோனைத் திருடும் கும்பல்களைப் பற்றி விரிவாக எழுதியது. அதற்குப் பின் 2024 ஜனவரியில் ஆப்பிள் ஒரு மாற்றம் செய்தது. வழக்கமான இடங்களுக்கு வெளியே இருக்கும்போது கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு முகமோ விரலோ வேண்டும், அதற்கு மேல் ஒரு மணி நேரக் காத்திருப்பும் உண்டு. குறிப்புகளைப் படிப்பதை அது தடுக்காது.

பூட்டிய போனில் இரண்டு வகை

பூட்டுத்திரை தெரிகிற போன்கள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போனை அணைத்துத் திரும்ப இயக்குங்கள், பின் போடாதீர்கள். வீட்டில் இன்னொருவரை அழைக்கச் சொல்லுங்கள். மணி அடிக்கும், ஆனால் திரையில் அவர் பெயர் வராது, வெறும் எண் மட்டும் வரும். இப்போது ஒருமுறை பின் போட்டுத் திறந்து, மறுபடி பூட்டிவிட்டு அழைக்கச் சொல்லுங்கள். பெயர் வரும்.

முதல் முறை தொடர்புப் பட்டியலின் சாவி இன்னும் உருவாகவே இல்லை. பின் எண் போட்ட பிறகுதான் அது உருவாகிறது. உருவான பின் திரையைப் பூட்டினாலும் சாவி அழிக்கப்படுவதில்லை. போன் அணையும் வரை நினைவில் இருக்கிறது. இல்லாவிட்டால் பூட்டிய போனில் வாட்ஸாப் செய்தி வராது, இணையத்திலிருந்து எதுவும் பின்னணியில் இறங்காது. வசதிக்காகச் செய்த ஏற்பாடு இது, நாம் எல்லோரும் கேட்டு வாங்கிய வசதி. தடயவியல் துறையில் இந்த இரண்டு நிலைகளையும் ‘முதல் திறப்புக்கு முன்’, ‘முதல் திறப்புக்குப் பின்’ என்று பிரித்துப் பேசுகிறார்கள். காவல் துறைகளுக்கு விற்கப்படும் செலிபிரைட், கிரேகீ போன்ற கருவிகளின் வெற்றியில் பெரும் பங்கு இரண்டாம் நிலையில் இருக்கும் போன்களில்தான். சாவி ஏற்கெனவே நினைவில் இருப்பதால், பின் எண்ணை ஊகிக்கத் தேவையில்லாமல், மென்பொருளில் ஏதாவது ஓர் ஓட்டை கிடைத்தாலே போதும்.

எழும்பூர் இருக்கையில் கிடக்கும் போன் இரண்டாம் நிலையில் இருக்கிறது. காலையில் ஒருமுறை திறந்தாயிற்று. தொலையும் போன்களில் மிகப் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் தொலையும். அணைத்து வைத்த போனை யாரும் கையில் வைத்துக்கொண்டு திரிவதில்லை. பேட்டரி தீர்ந்து அணைந்தால் அது தானாக முதல் நிலைக்குப் போய்விடும். இதையே கட்டாயமாக்கும் ஓர் ஏற்பாடும் வந்திருக்கிறது. 2024-இன் இறுதியில் ஐஓஎஸ் 18.1-லும், 2025-இல் கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக ஆண்ட்ராய்டிலும், மூன்று நாள் தொடர்ந்து திறக்கப்படாத போன் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். மூன்று நாள் நீண்ட நேரம்தான். ஆனாலும் அலமாரியில் மாதக்கணக்கில் சாவியோடு காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்.

செயலி தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டிய இடம் இதுதான். போனே எல்லாவற்றையும் மறைகுறியாக்கியிருக்கும்போது நாட்குறிப்புச் செயலி மேலும் ஓர் அடுக்கு போடுவது வீண் என்று சில நிரலாளர்கள் சொல்கிறார்கள். போன் அணைந்திருக்கும் நிலைக்கு மட்டும் அவர்கள் சொல்வது சரி. ஐபோனின் ஆரோக்கியச் செயலியைப் பாருங்கள். பொதுவாக மற்ற செயலிகளின் கோப்புகள் முதல் திறப்புக்குப் பின் திறந்தே இருக்கும். ஆரோக்கியத் தகவல்களோ, திரை பூட்டிய பத்து நிமிடத்தில் படிக்க முடியாதபடி மூடிக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்திலும் புதிய அளவீடுகளை எழுத முடியும். கைக்கடிகாரம் அனுப்பும் இதயத் துடிப்பு உள்ளே போகும். வெளியே எதுவும் வராது. ஆண்ட்ராய்டிலும் ‘திரை திறந்திருக்கும்போது மட்டும் பயன்படட்டும்’ என்ற நிபந்தனையோடு சில்லுக்குள் சாவி செய்து வைக்க 2018 முதல் வழி இருக்கிறது. நாட்குறிப்புச் செயலி அதைப் பயன்படுத்தியிருந்தால், இருக்கையில் கிடக்கும் போனிலும் வலிப்புக் குறிப்பு மூடியே கிடக்கும்.

செயலிக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் இருப்பது இன்னொரு வகையில் உதவும். போனின் பின் எண் தெரிந்த கணவருக்கோ அண்ணனுக்கோ குறிப்பு திறக்காது. ஆனால் ‘செயலிப் பூட்டு’ என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பல வெறும் திரைச்சீலைகள். உள்ளே கோப்பு அப்படியே கிடக்கும். மேலே ஒரு எண் கேட்கும் திரை மட்டும் வரும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்பதைத் தொட்டுப் பாருங்கள். மின்னஞ்சலுக்கு ஓர் எண் வந்து, புதிய கடவுச்சொல் வைத்ததும் பழைய குறிப்புகள் எல்லாம் அப்படியே தெரிந்தால், அந்தக் கடவுச்சொல்லுக்கும் மறைகுறியாக்கத்துக்கும் சம்பந்தமில்லை. சாவி வேறெங்கோ இருக்கிறது. உண்மையான ஏற்பாட்டில், மறந்தால் குறிப்பு போனது போனதுதான் என்று செயலி முன்கூட்டியே எச்சரிக்கும். பயனர்களுக்குப் பிடிக்காத எச்சரிக்கை அது. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

சாவிக்கு வெளியே கிடப்பவை

செயலி எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும், அம்மா எடுத்த அந்த அரை நிமிட வீடியோ செயலிக்குள் இல்லை. கேமராவில் எடுத்தது கேலரியில் இருக்கிறது. மருத்துவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பியபோது வாட்ஸாப் கோப்புறையில் இன்னொரு நகல் உருவானது. கேலரி தானாக இணையத்துக்கு ஏறுகிறது என்றால் மூன்றாவது நகல் அங்கே. போனில் எஸ்.டி. அட்டை போட்டு, கேமரா அதில் சேமிக்குமாறு அமைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்த வகை அட்டையில் எழுதப்படுபவை பொதுவாக மறைகுறியாக்கப்படுவதில்லை. பின் எண்ணும் தேவையில்லை, சில்லும் தேவையில்லை. அட்டையை உருவி வேறு போனில் போட்டால் வீடியோ ஓடும். மேலே இவ்வளவு நேரம் பேசிய பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரு நகக்கீறலில் தாண்டிவிடும் வழி இது. வலிப்பு வீடியோவை எடுத்த கையோடு செயலிக்குள் ஏற்றிவிட்டு, கேலரியிலும் அதன் குப்பைக்கூடையிலும் நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பூட்டுத்திரை அறிவிப்புகளும் அப்படித்தான். ‘இரவு 9 மணி: வால்ப்ரோயேட் 500’ என்ற நினைவூட்டல் திரையில் மின்னினால் போதும், மருந்தின் பெயரைத் தேடத் தெரிந்த எவருக்கும் நோய் தெரிந்துவிடும். ‘மாத்திரை நேரம்’ என்று மட்டும் காட்டுமாறு மாற்றிக்கொள்ளலாம்.

பலரும் மறப்பது சிம் அட்டையை. போனின் மறைகுறியாக்கம் அதைத் தொடுவதே இல்லை. ஊசியால் தட்டை இழுத்து, சிம்மை வேறு போனில் போட்டால் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி எல்லாம் எடுத்தவர் கைக்கு. பரிசோதனைக்கூடத்தின் தளம், மருத்துவமனைச் செயலி, ஆபா எனப்படும் மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு ஆகியவற்றில் எண்ணும் ஓடிபியும் இருந்தாலே நுழைய முடிகிறவை ஏராளம். பூட்டிய போனை உடைக்காமலேயே மருத்துவ அறிக்கைகளை இறக்கிக்கொள்ளலாம். சிம் அட்டைக்கென்று ஒரு பின் எண் உண்டு. அமைப்புகளில் இயக்கிவிட்டால் அட்டையை மாற்றிப் போடும்போது கேட்கும், மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். நம் ஊரில் அதை இயக்கியிருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

உரியவர் திறக்க முடியாதபோது

இப்போது மறுபக்கம். அந்தப் பெண் புதிய போன் வாங்குகிறார். கூகுள் கணக்கைப் போட்டதும் தொடர்புகள் வருகின்றன, செயலிகள் வருகின்றன, நாட்குறிப்புச் செயலியும் வருகிறது. திறந்தால் உடனே மூடிக்கொள்கிறது. அல்லது வெறுமையாக இருக்கிறது.

காரணம் எளிது. ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப், செயலியின் கோப்புகளை ஒரு செயலிக்கு 25 எம்பி வரை எடுத்து வைக்கும். மறைகுறியாக்கப்பட்ட நாட்குறிப்புக் கோப்பும் அதில் பத்திரமாக வந்துவிட்டது. அதைத் திறக்கும் சாவி பழைய போனின் சில்லுக்குள் செய்யப்பட்டது, அங்கிருந்து வெளியே வராது. வெளியே வராததுதான் இதுவரை அந்த ரயில் பயணியிடமிருந்து குறிப்பைக் காத்தது; அதுவேதான் இப்போது உரியவரையும் வெளியே நிறுத்துகிறது. கோப்பு இருக்கிறது, சாவி இல்லை. ஆண்ட்ராய்டு நிரலாளர்களுக்கு இது பழகிய தலைவலி. பேக்கப்பிலிருந்து மீட்டபின் செயலி சரிந்து விழுந்தால், பிழைப் பதிவில் `AEADBadTagException` என்ற பெயர் தென்படும். இந்தச் சாவியால் இந்தக் கோப்பு திறக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

போன் தொலையாமலேயே இது நேரலாம். சில்லுக்குள் உள்ள சாவியை விரல்ரேகையோடு பிணைத்திருந்தால், புதிய விரல் ஒன்றைச் சேர்த்ததும் அந்தச் சாவி நிரந்தரமாகச் செல்லாததாகிவிடும்படி அமைப்பு இருக்கிறது. திருடன் தன் விரலைச் சேர்த்து உள்ளே நுழையக் கூடாது என்பதற்காக வைத்த விதி. மகளின் விரலையும் போனில் சேர்த்த அன்று அம்மாவின் குறிப்புகள் மூடிக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

ஐபோனில் ஆரோக்கியத் தகவல் இரண்டு வழிகளில் பிழைக்கும். ஐகிளவுடில், இரண்டடுக்கு உறுதிப்பாடு இயக்கியிருந்தால், இருமுனை மறைகுறியாக்கத்தோடு ஒத்திசையும். கணினியில் பேக்கப் எடுத்தால், ‘பேக்கப்பை என்கிரிப்ட் செய்’ என்ற பெட்டியைத் தேர்ந்திருந்தால் மட்டுமே ஆரோக்கியத் தகவல் அதில் சேரும். தேராமல் எடுத்த பேக்கப்பில் எல்லாம் இருக்கும், அது மட்டும் இருக்காது. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகக் கணினியில் பேக்கப் எடுத்தவர்கள்கூட இந்த ஒரு பெட்டியில் தவறுவதுண்டு.

தனிச் செயலிகளுக்கு முறையான தீர்வு என்னவென்றால், குறிப்புகளைப் பூட்டும் சாவி ஒன்றாகவே இருக்கட்டும்; ஆனால் அந்தச் சாவியையே இரண்டு தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒரு பெட்டியைப் போனின் சில்லு திறக்கும். அன்றாடப் பயன்பாட்டுக்கு அது. இன்னொன்றை உரியவர் மட்டுமே அறிந்த ஒரு நீண்ட கடவுத்தொடர் திறக்கும். போன் போனாலும் இது பிழைக்கும். சில்லு அழிந்தால் இரண்டாம் பெட்டி இருக்கிறது. கடவுத்தொடர் மறந்தால், போன் கையில் இருக்கும்வரை முதல் பெட்டி இருக்கிறது, புதிய தொடரை வைத்துக்கொள்ளலாம். செயலியில் ‘மீட்புச் சொற்றொடர்’ என்றோ ‘மறைகுறியாக்கிய ஏற்றுமதி’ என்றோ இருந்தால் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான்.

ஆனால் இரண்டாம் பெட்டி வேறு வகைப்பட்டது. போனின் பின்னுக்கு நான்கு இலக்கம் போதுமாக இருந்தது, பின்னால் ஒரு சில்லு உட்கார்ந்து தவறுகளை எண்ணிக்கொண்டிருந்ததால். ஏற்றுமதிக் கோப்புக்கு எந்தச் சில்லும் காவல் இல்லை. அது மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ கிடைத்தால், எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நகலெடுத்து ஊகிக்கலாம். எண்ணிக் காத்திருக்கச் சொல்ல யாருமில்லை. செயலி நல்லபடியாக ஆர்கான்2 போன்ற கனமான முறையைப் பயன்படுத்தி, எதிரியின் வேகத்தை நொடிக்கு 1,000 ஊகமாகக் குறைத்துவிட்டது என்றே வைப்போம். ஆறு இலக்கக் கடவு எண் என்றால் 10 லட்சம் சாத்தியங்கள். 1,000 நொடியில், பதினேழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதே பெண் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி ஐந்து சொற்களை எடுத்திருந்தால், எதிரியின் வேகம் ஆயிரம் மடங்கு கூடி நொடிக்கு 10 லட்சமானாலும், எல்லாவற்றையும் முயல ஒன்பது லட்சம் ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு சொல்லுக்கும் பகடையை ஐந்து முறை உருட்ட வேண்டும். 6-இன் ஐந்தடுக்குதான் அந்த 7,776. பகடை முக்கியம். மனதில் தோன்றிய ஐந்து சொற்கள் பெரும்பாலும் பாட்டு வரியாகவோ குழந்தையின் பெயராகவோ போய் முடியும்.

அந்தத் தொடரைப் போனிலேயே குறித்து வைத்தால் பயனில்லை என்று சொல்லத் தேவையில்லை. தாளில் எழுதி, சான்றிதழ்கள் இருக்கும் பையில் வைக்கலாம். கணினிக்காரர்கள் தாளைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். மதுரை வீட்டு இரும்பு அலமாரிக்குள் இருக்கும் தாளை இணையத்திலிருந்து யாரும் எட்ட முடியாது.

இதில் பெரும்பாலோர் விட்டுவிடும் படி ஒன்று உண்டு. ஏற்றுமதிக் கோப்பை வேறொரு போனில், தாளைப் பார்த்துத் தட்டித் திறந்து பார்ப்பது. கோப்பு இருப்பதும் திறப்பதும் வேறு வேறு. தேதிகள் சரியாக வருகின்றனவா, வீடியோக்களும் சேர்ந்து வந்தனவா, அல்லது எழுத்துக் குறிப்பு மட்டும்தானா என்பதெல்லாம் திறந்தால்தான் தெரியும். வீடியோவை ஏற்றுமதியில் சேர்க்காத செயலிகள் உண்டு.

அழிப்பதா, காத்திருப்பதா

போன் தொலைந்தது தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்குவது. ஓடிபி அபாயத்தைப் பார்த்தால் சரியாகவே தோன்றும். ஆனால் எண் முடங்கியதும் போனின் மொபைல் இணையமும் போய்விடும். தொலைவிலிருந்து போனை அழிக்கும் கட்டளை இணையம் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். ரயில் நிலையத்தில் தெரிந்த வைஃபை எதுவும் இல்லை என்றால் அந்தக் கட்டளை போனை எட்டவே எட்டாது. எனவே முதலில் உடன் வந்தவரின் போனிலிருந்து கூகுளின் ‘ஃபைண்ட் ஹப்’ பக்கத்துக்குப் போய்க் கட்டளை கொடுத்துவிட்டு, அது நிறைவேறியதும் அல்லது சிறிது நேரம் பார்த்துவிட்டு, எண்ணை முடக்குவதுதான் ஏற்ற வரிசை. சிம்முக்குப் பின் போட்டிருந்தால் இந்த இடைவெளியில் பதற்றப்படத் தேவையில்லை.

அங்கேயும் ஒரு கதவு மூடியிருக்கலாம். கூகுள் கணக்குக்குள் நுழைய இரண்டாம் உறுதிப்பாடு கேட்டால், அந்த எண் தொலைந்த போனுக்குத்தான் போகும். இதற்காகத்தான் கூகுள் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லும். கடவுத்தொடர் எழுதிய தாளிலேயே இவற்றையும் எழுதலாம். ஆனால் ஒன்றைப் பணப்பையிலும் வைத்திருந்தால்தான் எழும்பூர் நடைமேடையில் நிற்கும்போது உதவும்.

அழிக்கும் கட்டளை போய்ச் சேர்ந்தால் வேலை சில நொடிகளில் முடியும். 128 ஜிபி முழுவதையும் அழிக்க அவ்வளவு நேரம் போதுமா என்று கேட்கலாம். கோப்புகளை யாரும் தேய்ப்பதில்லை, சாவிகளை மட்டும் அழிக்கிறார்கள். ஃபிளாஷ் நினைவகம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் இடம் மாற்றிக்கொண்டே இருப்பதால், பழைய தரவை மேலெழுதி அழிப்பது நம்பத்தகுந்ததும் அல்ல. சாவி போனபின் மிஞ்சுவது யாருக்கும் பயன்படாத எண்குவியல்.

*#06# என்று தட்டினால் வரும் ஐஎம்இஐ எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தால், காவல் நிலையப் புகாரின் நகலோடு சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம். இதைத் தரவுப் பாதுகாப்பாக எண்ணிக்கொள்ள வேண்டாம். இந்திய வலைப்பின்னல்களில் அந்தப் போன் இயங்காது, அவ்வளவே. உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கிறது, வைஃபையில் போன் வழக்கம்போல வேலை செய்யும்.

அழிப்பதற்கு ஒரு விலை உண்டு. அழித்துவிட்டால் அதன் பிறகு அந்தப் போனின் இருப்பிடம் வரைபடத்தில் தெரியாது. ‘இன்னும் எழும்பூரிலேயே காட்டுகிறதே, யாராவது நல்லவர் எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்திருப்பார், சற்றுப் பொறுப்போம்’ என்று மனம் சொல்லும். இரண்டு ஆண்டுக் குறிப்பின் ஒரே பிரதி அந்தப் போனில் மட்டும் இருக்கிறது என்றால் பொறுப்பதைத் தவிர வழியும் இல்லை. அழித்தால் தானும் இழக்கிறார். அப்படி அவர் தயங்கி நிற்கும் மணி நேரங்களில்தான் போன் திறந்து பூட்டிய நிலையில், சாவி நினைவில் இருக்க, பேட்டரியும் மிச்சமிருக்க, இன்னொருவர் கையில் இருக்கிறது. ஏற்றுமதிக் கோப்பைப் போன மாதமே தம்பியின் போனில் திறந்து பார்த்திருந்தவருக்கு இந்தத் தயக்கம் இருக்காது. வரைபடத்தில் புள்ளி அரக்கோணம் பக்கம் நகரத் தொடங்கும் முன்பே அவர் அழிக்கும் பொத்தானைத் தொட்டுவிடுவார்.